என் வேலைக்கு அவர்கள் வைத்திருந்த பெயர்

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில், சென்னையில் ஓர் அவுட்சோர்சிங் நிறுவனத்தில் 6 ஆண்டுகள் முடித்திருந்தேன். வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு வரும் சப்ளையர் பில்களைச் சரிபார்த்து, எஸ்.ஏ.பி. மென்பொருளில் பதிந்து, பணம் போகும் நிலைக்குக் கொண்டுவருவது என் வேலை. அக்கவுண்ட்ஸ் பேயபிள் என்பார்கள். ஆனால் என் நியமனக் கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. அதில் இருந்த பதவிப் பெயர் சீனியர் ப்ராசஸ் எக்ஸிகியூட்டிவ். லிங்க்ட்இன் பக்கத்திலும் நாக்ரியிலும் அதையே போட்டு, அந்த ஆண்டு முதல் நான்கு மாதங்களில் ஏறத்தாழ 20 இடங்களுக்கு விண்ணப்பித்தேன். நான் மனத்தில் வைத்திருந்தது ஓர் ஐரோப்பிய நிறுவனத்தின் சென்னை மையம்; வெளியாருக்காக அல்லாமல், தன் சொந்தக் கணக்கு வேலைகளைத் தானே செய்துகொள்வதற்காக அது இங்கே நடத்தும் அலுவலகம். முன்பு இவற்றைக் கேப்டிவ் என்றார்கள், இப்போது ஜி.சி.சி. என்கிறார்கள். அங்கே மட்டும் மூன்று முறை விண்ணப்பித்தேன். மூன்று முறையும் வந்தது ஒரே வாசகத்தில் அமைந்த, தானாக அனுப்பப்பட்ட மறுப்பு மின்னஞ்சல்தான்.

என்னோடு முன்பு ஒரே குழுவில் இருந்து, பிறகு வேறொரு மையத்துக்குப் போய்விட்ட அக்கா ஒருவரிடம் என் விண்ணப்பத்தைக் காட்டினேன். அவர் இரண்டு நிமிடம்கூடப் படிக்கவில்லை. "தம்பி, நீ பார்க்கிற வேலையும் அவங்க கேட்கிற வேலையும் ஒண்ணுதான். ஆனா நீ அதுக்கு வச்சிருக்கிற பேரு நம்ம பில்டிங்குக்கு வெளியில யாருக்கும் தெரியாது. அங்க இருக்கிறவங்க என்ன பேரு போட்டிருக்காங்கன்னு போய்ப் பாரு" என்றார். அதன்பின் ஏறத்தாழ ஐந்து வார இறுதிகளில் நான் செய்ததை, செய்த தவறுகளையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

லிங்க்ட்இனில் எந்த நிறுவனத்தின் பக்கத்துக்குப் போனாலும் People என்றொரு பகுதி இருக்கும். அங்கே வேலை செய்வதாகக் குறித்திருப்பவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள், எங்கே படித்தார்கள், எந்தத் துறையில் இருக்கிறார்கள், என்ன திறன்களைக் குறித்திருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் எண்ணிக்கையோடு வரும். முதலில் ஊரைச் சென்னை என்று சுருக்கி, துறையை நிதி என்று சுருக்கினேன். அதற்குப் பின்னும் மிஞ்சிய கூட்டம் மிகப் பெரியது. ஆகவே பொதுவான ஆள் தேடலுக்குப் போய், தற்போதைய நிறுவனம் என்ற வடிகட்டியில் அந்த நிறுவனத்தை வைத்துவிட்டு, தேடல் பெட்டியில் இப்படிக் கொடுத்தேன்:

```
"accounts payable" OR "invoice processing" OR "procure to pay"
```

ஒரே வேலைக்கு மூன்று பெயர்கள் புழங்குவதால் மூன்றையும் சேர்த்துக் கேட்க வேண்டியிருந்தது. நடுவில் இருக்கும் OR பெரிய எழுத்தில் இருந்தால்தான் அது கட்டளையாக எடுத்துக்கொள்ளப்படும். இரண்டாவது வார இறுதியிலேயே, இலவசக் கணக்குக்கான மாதத் தேடல் அளவை நெருங்கிவிட்டேன் என்ற அறிவிப்பு வந்துவிட்டது. அது அடுத்த மாதம் 1ஆம் தேதிதான் புதுப்பிக்கப்படும். அதுவரை கூகுளில் site:linkedin.com/in என்று தொடங்கி, நிறுவனத்தின் பெயரையும் வேலையின் பெயரையும் மேற்கோள் குறிக்குள் கொடுத்துத் தேடினேன். முழுப் பக்கமும் கிடைக்காவிட்டாலும், தலைப்பு வரி கூகுள் முடிவிலேயே தெரிந்துவிடும்.

தொடங்குவதற்கு முன்பு செய்யவேண்டிய ஒன்றை மட்டும் சரியாகச் செய்தேன். அமைப்புகளில் Visibility என்ற பகுதிக்குள் Profile viewing options என்று இருப்பதைத் தனிப்பட்ட நிலைக்கு மாற்றினேன். இல்லையென்றால் ஒரே நாளில் ஒரே துறையைச் சேர்ந்த முப்பது பேருக்கு, நான் அவர்கள் பக்கத்தைப் பார்த்தேன் என்று தெரிந்திருக்கும். இலவசக் கணக்கில் இதற்கு ஒரு விலை உண்டு. அந்த நிலையில் இருக்கும்வரை, நம் பக்கத்தை யார் பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது. சில ஆலோசகர்கள், பெயர் தெரியும்படி பார்த்தால் அவர்களும் நம்மைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று சொல்வதுண்டு. விண்ணப்பிக்கும் நாளில் ஒரு தேர்வாளரின் பக்கத்தை அப்படிப் பார்க்கலாம். நோட்டுப் போட்டுக் கணக்கெடுக்கும்போது அது வேண்டாம் என்பது என் எண்ணம்.

தேடலில் 64 பேர் வந்தார்கள். அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்குக் கெட்டுவிடும் என்பது முதல் பத்துப் பக்கங்களைத் திறந்தபோதே புரிந்தது. சிலர் வேலையை விட்டுப் போய் ஓராண்டாகியும் பக்கத்தை மாற்றாமல் வைத்திருந்தார்கள். கீழே எழுதியிருக்கும் விவரத்தைப் படித்தால்தான் அது தெரியும். சிலர் வேறு நாட்டு அலுவலகத்தில் இருந்துகொண்டு, சொந்த ஊர் என்பதால் சென்னை என்று குறித்திருந்தார்கள். இன்னும் சிலர் பதவிப் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் தவிர ஒரு வரிகூட எழுதவில்லை. இவர்களையெல்லாம் கழித்த பிறகு 38 பேர் மிஞ்சினார்கள். ஒரு எக்செல் தாளில் இவர்களுடைய பெயர்களை எழுதாமல் வரிசை எண் மட்டும் போட்டு, ஐந்து கட்டங்களில் குறித்துக்கொண்டேன்: இப்போதைய பதவிப் பெயர், அங்கே சேர்ந்தபோது இருந்த பதவிப் பெயர், சேரும்போது இருந்த மொத்த அனுபவம், அதற்கு முந்தைய நிறுவனம் எந்த வகை, முந்தைய வேலையைப் பற்றி அவர்கள் எழுதியிருந்த வாக்கியங்கள்.

கடைசி இரண்டு கட்டங்களை முதலில் நான் போடவே இல்லை. இருபது பேரைக் குறித்த பிறகுதான் சேர்த்தேன். முதலிலிருந்து திரும்பவும் பார்க்கவேண்டியதாயிற்று. நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவர் தன்னை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்பது எனக்குப் பாதிதான் உதவும், ஏனென்றால் அந்தப் பெயரை அவருக்குக் கொடுத்தது அந்த நிறுவனம். என்னைப் போன்ற இடத்திலிருந்து கிளம்பி அங்கே போனவர், தன் பழைய வேலையை எந்தச் சொற்களில் விவரிக்கிறார் என்பதுதான் எனக்கு வேண்டியிருந்தது. 38 பேரில் அப்படி அவுட்சோர்சிங் நிறுவனத்திலிருந்து நேராக வந்தவர்கள் 11 பேர். இவர்களும் சேர்ந்த பிறகு தங்கள் பக்கத்தைத் திருத்தி எழுதியிருக்கலாம். விண்ணப்பித்த நாளில் இருந்த வாசகம் இதுதான் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்தக் குறை இருந்தாலும், மற்ற 27 பேரைவிட இந்த 11 பேரையே அதிகம் நம்பினேன்.

முதலில் தெளிவானது பதவியின் படிநிலை. சீனியர் என்ற சொல் என் பதவிப் பெயரில் இருந்ததால், அந்த மையத்தில் சீனியர் அனலிஸ்ட், டீம் லீட் ஆகிய இடங்களுக்கே நான் விண்ணப்பித்து வந்தேன். வெறும் அனலிஸ்ட் என்று வந்த விளம்பரங்களை, புதிதாகப் படித்து முடித்து வருபவர்களுக்கானவை என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தேன். தாளில் இருந்ததோ வேறு. அந்த 11 பேரில் 8 பேர் அனலிஸ்ட் என்ற பெயரில்தான் சேர்ந்திருந்தார்கள்; சேரும்போது அவர்களுக்கு 4 முதல் 7 ஆண்டுகள் அனுபவம் இருந்தது. 2 பேர் சீனியர் அனலிஸ்ட்டாகச் சேர்ந்தவர்கள். இருவருமே 8 ஆண்டுகளைத் தாண்டியவர்கள், இருவருமே வெளிநாட்டிலிருந்து ஒரு வேலைத் தொகுதியை இந்தியாவுக்கு மாற்றிக் கொண்டுவரும் பணியில் இருந்ததாக எழுதியிருந்தார்கள். டீம் லீட்டாக நேரடியாக வந்தவர் ஒருவர்தான். மொத்தமிருந்த 38 பேரில் மற்ற டீம் லீட்கள் எல்லாரும் உள்ளேயே பதவி உயர்வு பெற்றவர்கள். அசிஸ்டென்ட் மேனேஜர் என்ற பெயரும் ஏமாற்றக்கூடியது. என் நிறுவனத்தில் அந்தப் பெயருடையவருக்குக் கீழே முப்பது பேர் இருப்பார்கள். அங்கே அந்தப் பெயரில் இருந்த இரண்டு பேர், தங்களுக்குக் கீழே ஆட்கள் இருப்பதாக எங்கும் எழுதவில்லை, ஒரு பிராந்தியத்தின் கணக்கைத் தனியாகக் கவனிப்பதாகத்தான் எழுதியிருந்தார்கள். ஆக, மூன்று முறை எனக்கு மறுப்பு வந்ததில் என் விண்ணப்பத்தின் வாசகத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம். ஆனால் நான் தட்டிய கதவே தவறு என்பதுதான் பெரிய காரணம்.

அடுத்தது வாசகம். என் பக்கத்தில் இருந்த வேலை விவரத்தைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: எஸ்.ஏ.பி.யில் பில்களைப் பதிவது, நாளொன்றுக்கு 80 பில்கள், தரம் 99.5 விழுக்காடு, வாடிக்கையாளரோடு ஒப்புக்கொண்ட கால அளவைத் தவறாமல் காத்தது. நான் நான்கு ஆண்டுகளாக இதை மெருகேற்றி வைத்திருந்தேன். அந்த 11 பேரின் பழைய வேலை விவரங்களில் நாளுக்கு எத்தனை பில் என்று எழுதியிருந்தவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் எழுதியிருந்தவை வேறு: தடுத்து வைக்கப்பட்ட பில்களைத் தீர்த்தது, சப்ளையர் அறிக்கையை நம் கணக்கோடு ஒப்பிட்டது, மாதக் கடைசி வேலைகள், இரண்டு முறை பணம் போகாமல் பிடித்தது, எந்தெந்த நாட்டுக் கணக்கு என்பது.

இந்த வேறுபாட்டைச் சில நாட்கள் வெறும் அலங்காரம் என்றே நினைத்தேன். பிறகுதான் காரணம் பிடிபட்டது. அவுட்சோர்சிங் நிறுவனம் வாடிக்கையாளரிடம் பணம் வாங்குவதே, பல ஒப்பந்தங்களில், இத்தனை பில்லுக்கு இவ்வளவு, இத்தனை ஆளுக்கு இவ்வளவு என்ற கணக்கில். ஆகவே உள்ளே எங்களை அளந்ததும் எண்ணிக்கை, பிழை விழுக்காடு, கால அளவு ஆகியவற்றால்தான். அந்த அளவுகோலையே எங்கள் வேலை என்று நாங்கள் எழுதிக்கொண்டோம். சொந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும் மையத்துக்கு 80 பில் என்பது எதையும் சொல்லாது. அவர்களுடைய கவலை, ஒரு பில் தடைபட்டு நின்று, சப்ளையர் சரக்கை நிறுத்திவிடுவது. இரண்டு முறை பணம் போய்விடுவது. மாதக் கடைசியில் வராத பில்லுக்கு உரிய செலவு கணக்கில் சேராமல் போவது. சொற்கள் அங்கிருந்து பிறக்கின்றன. நாங்கள் கிளையன்ட் என்று எழுதிய இடத்தில் அவர்கள் பிசினஸ் என்று எழுதியதும் இதனால்தான். ப்ராசஸ் என்ற சொல்கூட இரண்டு இடத்திலும் ஒன்றில்லை. "நீ எந்த ப்ராசஸ்?" என்று எங்கள் கேண்டீனில் கேட்டால், எந்த வாடிக்கையாளருடைய வேலை என்று பொருள். அங்கே அதே கேள்விக்கு, கொள்முதலிலிருந்து பணம் செலுத்துவது வரையிலான வேலையா, பேரேட்டை முடிக்கும் வேலையா என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், அவர்கள் எழுதியிருந்த வேலைகளில் பெரும்பாலானவற்றை நான் தினமும் செய்துகொண்டுதான் இருந்தேன். கொள்முதல் ஆணை, சரக்கு வந்ததற்கான பதிவு, பில் ஆகிய மூன்றையும் ஒப்பிடும்போது, ஆணையில் ஒரு விலையும் பில்லில் இன்னொரு விலையும் இருந்தால், பில் கணக்கில் ஏறும். ஆனால் பணம் போகாமல் எஸ்.ஏ.பி. தடுத்துவிடும். அந்தத் தடை ஏன் வந்தது என்று பார்த்து, வாங்கியவருக்கு எழுதி, ஆணையைத் திருத்தச் சொல்லியோ சப்ளையரிடம் கிரெடிட் நோட் வாங்கியோ, பிறகு MRBR என்ற திரையில் தடையை விடுவிப்போம். என் நாளில் பாதி இதிலேயே போனது. பதிவது பழகிய கைக்கு ஒன்றிரண்டு நிமிட வேலை. தடைபட்ட ஒரு பில்லுக்கு ஒரு வாரம்கூட ஆகும். அப்படியிருந்தும் என் பக்கத்தில் இதற்கு ஒரு சொல்கூட இல்லை, ஏனென்றால் எங்கள் மாத மதிப்பீட்டுப் படிவத்தில் இதற்கென்று ஒரு கட்டம் கிடையாது.

இதையெல்லாம் பார்த்த உற்சாகத்தில் நான் செய்த முதல் மாற்றம்தான் மோசமான தவறு. ஒரு சனிக்கிழமை காலை, என் அனுபவப் பகுதியில் இருந்த சீனியர் ப்ராசஸ் எக்ஸிகியூட்டிவ் என்பதை அழித்து, அனலிஸ்ட் என்று எழுதிச் சேமித்தேன். மாற்றங்களை அறிவிக்கும் பொத்தானை அணைக்க மறந்துவிட்டேன். மதியத்துக்குள் எட்டுப் பேர் பதவி உயர்வுக்கு வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் என் மேலாளர். திங்கட்கிழமை அவர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்: "என்னப்பா, எனக்கே தெரியாம உனக்கு ப்ரமோஷன் குடுத்தது யாரு?" பக்கத்தைப் புதுப்பிக்கும்போது தவறி விழுந்துவிட்டது என்று சமாளித்தேன். அவர் நம்பினாரா என்பது வேறு.

அறிவிப்பை அணைத்திருந்தால் அன்றைய மானம் தப்பியிருக்கும், ஆனால் தவறு தவறாகவே இருந்திருக்கும். அதை அந்த அக்காதான் விளக்கினார். இந்தியாவில் வேலை மாறும்போது நடக்கும் பின்னணிச் சரிபார்ப்பில், பணிவிடுப்புக் கடிதத்தில் இருக்கும் பதவிப் பெயரும் விண்ணப்பத்தில் நாம் கொடுத்ததும் ஒன்றா என்று முந்தைய நிறுவனத்தின் மனிதவளத் துறையிடமே கேட்பார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி ஆகியவற்றை வருங்கால வைப்பு நிதிப் பதிவிலும் பார்த்துக்கொள்ள முடியும். பதவிப் பெயர் மாறியிருந்தால் அறிக்கையில் முரண்பாடு என்று குறிப்பு விழும். அதற்குப் பிறகு விளக்கம் சொல்லி அலைவது நம் தலையெழுத்து. ஆகவே பழைய பெயரை எழுத்து மாறாமல் திரும்ப வைத்தேன். மாற்றுவதற்கு நமக்கு உரிமையுள்ள இடங்கள் வேறு இருக்கின்றன. பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி நம்முடையது. அதில் 220 எழுத்துகள் வரை எழுதலாம். வேலை விவரமும் திறன் பட்டியலும் நம்முடையவை. தலைப்பு வரியில் முன்பு பதவிப் பெயரும் நிறுவனத்தின் பெயரும் மட்டுமே இருந்தன. அதை இப்படி ஆக்கினேன்:

```
Accounts Payable (P2P) | Blocked invoices, vendor reconciliation | SAP | Germany, Netherlands
```

நாடுகளின் பெயரைச் சேர்த்தது அந்த 11 பேரில் 7 பேர் அப்படிச் செய்திருந்ததால். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது, தெரியும் என்று எங்கும் எழுதவில்லை. அந்த நாட்டுப் பில்களில் வரும் வரி விகிதங்களும் அங்கே கேட்கும் ஆவணங்களும் எனக்குப் பழக்கம் என்பதைக் காட்ட அந்தப் பெயரே போதுமாக இருந்தது. வேலை விவரத்தின் முதல் வரியை, பதவிப் பெயருக்கும் உண்மையான வேலைக்கும் பாலமாக அமைத்தேன்: ஓர் உற்பத்தி நிறுவனத்தின் இரண்டு நாட்டுக் கணக்குகளுக்கான அக்கவுண்ட்ஸ் பேயபிள் பணி என்று. அடுத்த வரி தடைபட்ட பில்களைப் பற்றியது, அதற்கடுத்தது சப்ளையர் அறிக்கை ஒப்பீட்டைப் பற்றியது. எண்ணிக்கையை அடியோடு எடுத்துவிடவில்லை. நாளுக்கு 80 என்பதைக் கடைசி வரிக்குத் தள்ளினேன், வேலையின் அளவு தெரியட்டும் என்று. விண்ணப்பக் கோப்பிலும் நாக்ரியிலும் இதே சொற்களையே வைத்தேன். மூன்றிலும் மூன்று விதமாக இருந்தால் எதை நம்புவது என்ற கேள்வி தேர்வாளருக்கு வந்துவிடும்.

ஊழியர்களின் பக்கங்களை மட்டும் நம்பாமல், அதே நிறுவனத்தின் வேலை விளம்பரங்கள் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். விளம்பரம் மனிதவளத் துறையின் மொழியில் இருக்கும். ஊழியரின் பக்கம் குழுவின் மொழியில் இருக்கும். இரண்டிலும் வந்த சொல் என்றால் முன்னால் வைத்தேன். ஊழியர்கள் பலர் எழுதியிருந்தும் விளம்பரம் ஒன்றில்கூட இல்லாத சொற்களைச் சந்தேகத்தோடு பார்த்தேன், ஏனென்றால் ஒருவர் பக்கத்தைப் பார்த்து இன்னொருவர் எழுதுவது சாதாரணமாக நடக்கிறது. மூன்று பேரின் விவரத்தில் ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில் இருந்ததை நான் கண்டேன். அந்த மூவரை என் தாளில் ஒருவராகவே எண்ணினேன்.

பெயர் சரியான பின்பு, ஜூலை மாதம் அனலிஸ்ட் இடத்துக்கு விண்ணப்பித்தேன். ஒன்பதாம் நாள் தேர்வாளரிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. முதல் சுற்று முடிந்து, குழுத் தலைவருடன் நடந்த இரண்டாவது சுற்றில் தோற்றேன். தோற்கடித்தது நான் இரவல் வாங்கிய ஒரு சொல். மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு என்பதை அந்த 11 பேரில் 9 பேர் எழுதியிருந்தார்கள், விளம்பரத்திலும் இருந்தது. நானும் எழுதிவிட்டேன். உண்மையில் என் பங்கு, சரக்கு வந்து பில் வராதவற்றின் பட்டியலை எஸ்.ஏ.பி.யிலிருந்து எடுத்து, செலவு ஒதுக்கும் குழுவுக்கு அனுப்புவது மட்டும்தான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "மாசக் கடைசியில ஜி.ஆர்.ஐ.ஆர். கணக்குல நிக்கிற தொகையில எதுக்கு ப்ரொவிஷன் போடணும், எதைச் சும்மா விடணும்னு எப்படி முடிவு பண்ணுவீங்க?" சரக்கு வந்து பில் வராத தொகையும், பில் வந்து சரக்கு வராத தொகையும் அந்த ஒரே கணக்கில் எதிரெதிர்ப் பக்கத்தில் கலந்து நிற்கும். பட்டியலை அனுப்பத் தெரிந்த எனக்கு, அதைப் பிரித்து அடுத்து என்ன செய்வது என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு வாக்கியங்களுக்கு மேல் வாய் வரவில்லை. அவர் முகம் மாறவில்லை, ஆனால் அதற்குப் பிறகு கேட்ட கேள்விகள் எல்லாம் மரியாதைக்குக் கேட்டவை.

அதன்பின் தாளில் ஆறாவது கட்டம் ஒன்றைச் சேர்த்தேன். பிறர் பக்கத்திலிருந்து எடுத்த ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே, என் வேலையில் கடந்த ஓராண்டில் நடந்த ஒரு சம்பவத்தை எழுதவேண்டும்: எந்த மாதம், என்ன தொகை அளவில், என்ன சிக்கல், நான் என்ன செய்தேன். சப்ளையர் அறிக்கை ஒப்பீடு என்ற சொல்லுக்கு எதிரே, ஒரு பொதிகட்டும் அட்டை சப்ளையர் தமக்கு 14 பில்களுக்குப் பணம் வரவில்லை என்று சொன்னதும், அவற்றில் 5 பில்கள் அதே சப்ளையரின் இன்னொரு கிளை எண்ணில் பதியப்பட்டிருந்ததை நான் கண்டுபிடித்ததும் வந்தன. அந்தச் சொல் நின்றது. மாதக் கடைசிக் கணக்கு முடிப்பு என்ற சொல்லுக்கு எதிரே பட்டியல் அனுப்பியதைத் தவிர ஏதும் வரவில்லை; ஆகவே அதைச் சுருக்கி, மாதக் கடைசியில் பில் வராத சரக்குகளின் பட்டியல் தயாரிப்பு என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன். 19 சொற்கள் இருந்த இடத்தில் 12தான் மிஞ்சின. பட்டியல் குறைந்துவிட்டதே என்று ஓர் இரவு வருந்தியதும் உண்டு. அதோடு, எங்கள் அலுவலகத்திலேயே செலவு ஒதுக்கும் குழுவில் இருந்த நண்பனிடம் இரண்டு மாத முடிவுகளில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, அந்தக் கேள்விக்கு விடை என்ன என்று தெரிந்துகொண்டேன். ஆனால் அதை என் அனுபவம் என்று பக்கத்தில் எழுதவில்லை.

இந்த வழி எல்லா இடத்துக்கும் பொருந்தாது. பிறகு நண்பர் ஒருவருக்காக, சென்னையில் 15 பேர் மட்டுமே உள்ள ஒரு சிறு நிறுவனத்தை இதே முறையில் பார்த்தோம். ஆளுக்கொரு பதவிப் பெயர் இருந்தது, அவற்றிலிருந்து எந்த ஒழுங்கும் கிடைக்கவில்லை. அங்கே விளம்பரத்தைப் படித்துவிட்டு ஒருவரிடம் நேரில் கேட்பதே மேல். என் அளவுக்கு, ஒரே வேலையில் இருக்கும் இருபது பேராவது கிடைக்காவிட்டால் நான் இதில் இறங்கமாட்டேன். மூன்றாண்டுகளுக்கு முன்பு சேர்ந்தவர்களுடைய பதவிப் பெயரையும் அதிகம் நம்பக்கூடாது. நடுவில் நிறுவனம் பெயர்களை மாற்றியிருக்கக்கூடும். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு பெயரும் பழையவர்களுக்கு வேறொரு பெயரும் இருப்பதைக் கண்டால், அது நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம்.

அக்டோபரில் அதே மையத்தில் இன்னொரு குழுவுக்கு அனலிஸ்ட் இடம் வந்தது. தேர்வாளர் என் பழைய விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு அவராகவே அழைத்தார். இந்த முறை கேட்டவர் வேறொருவர். அந்த அட்டை சப்ளையரின் கதையைச் சொன்னபோது அவர் நடுவில் நிறுத்தி, கிளை எண் தவறாகப் பதியப்படாமல் இருக்க நீங்கள் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். பேச்சு அதிலேயே இருபது நிமிடம் ஓடியது. ஜி.ஆர்.ஐ.ஆர். பற்றியும் கேட்டார். நான் செய்ததில்லை, பார்த்திருக்கிறேன் என்று சொல்லி, பார்த்ததைச் சொன்னேன். வேலை கிடைத்தது. பின்னணிச் சரிபார்ப்பு மூன்று வாரம் நடந்தது; பதவிப் பெயர் என்ற கட்டத்தில் சீனியர் ப்ராசஸ் எக்ஸிகியூட்டிவ் என்றே இரண்டு பக்கமும் இருந்ததால் அதைப் பற்றி யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

சேர்ந்த பிறகுதான் இன்னொன்று தெரிந்தது. 11 பேரில் 10 பேர் தங்கள் பக்கத்தில் எழுதியிருந்த ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் என்ற சொல்லை, சேர்ந்து ஓராண்டு வரை அந்த அலுவலகத்துக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அங்கே அதற்குப் பெயர், "பையர்கிட்ட பேசிட்டியா?" என்பதுதான். என் பக்கத்தில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, கொள்முதல் குழுவோடு வாரம் ஒருமுறை தடைபட்ட பில்களைப் பற்றிப் பேசித் தீர்ப்பது என்று எழுதி வைத்திருக்கிறேன்.